ஒன்பதரை மணிக்கு வரச் சொன்ன செய்தி

இப்போதெல்லாம் ஒருத்தனை வேலைக்கு வரச் சொல்வதற்கே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். வேலை கொடுத்தோம், வா என்றால் போதாதாம். எங்கே இறங்கணும், யாரைப் பார்க்கணும், என்ன கொண்டுவரணும், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடுகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எழுத வேண்டுமாம். கடைசியில் கை கூப்புகிற படம் ஒன்று, பூங்கொத்துப் படம் ஒன்று. வேலை கொடுக்கிறவன் கும்பிடுகிறான், வாங்குகிறவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். எல்லாம் தலைகீழ்.

சாவிக்காரர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தார்.

சாவிக்காரர் என்பது அவர் பேர் இல்லை. ஊருக்கு வெளியே பால் பவுடர் பாக்கெட் போடுகிற தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டோரில் இருக்கிறார். உள்ளே போகிறவர்களுக்கு ஷூ, கோட்டு, தலைக்குல்லா, லாக்கர் சாவி கொடுப்பது அவர் பொறுப்பு. முந்நூறு சாவிக்கு மேல். எந்தச் சாவி எந்த ஆள் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார். நாளாவட்டத்தில் பேர் போய் சாவி நின்றுவிட்டது.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஐந்து வயசு இளையவர். ஒரு லாரி கம்பெனியில் சரக்கு கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். எட்டு மாசம் வீட்டில் இருந்தார். எட்டு மாசத்தில் தாடி வளர்த்தார், அதற்கும் சேர்த்துச் சாயம் அடித்தார். இப்போது அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே? சாவிக்காரரின் தொழிற்சாலையில். என்ன வேலை? பேக்கிங் குடோன் சூப்பர்வைசர்.

அந்த வேலைக்குச் சாவிக்காரரும் மனு போட்டிருந்தார். அதுதான் விஷயம்.

பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்த பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது, இனி நம்ம முறை என்று இவர் நினைத்தார். மேனேஜர் கூப்பிட்டு, "பெரியவரே, கம்ப்யூட்டர்ல சரக்குக் கணக்கு ஏத்தத் தெரிஞ்ச ஆள் வேணும். அதான் வெளியில எடுத்தோம். லிஸ்ட்ல நீங்கதான் ரெண்டாவது. அவர் வரலேன்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்றார். அந்த 'அவர்' தன் சகலை என்பது அன்று சாயங்காலம் மனைவி சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அது வேறு எரிச்சல்.

"இன்னொரு தடவை படிக்கிறேன் கேளுங்க சகலை" என்றார் சகலை, போனைக் கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது தடவை.

"'அன்புடையீர். எங்கள் குடும்பத்தில் இணையும் உங்களை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். பணியில் சேரும் நாள், வரும் திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி. நேரம், காலை ஒன்பதரை. இடம், முன்வாசல் அலுவலக வரவேற்பறை. அசல் சான்றிதழ்கள், அடையாள அட்டை, இரண்டு புகைப்படங்கள் கொண்டுவரவும். உங்கள் மேஜை, நாற்காலி, கணினி தயாராக இருக்கும். முதல் நாள் காலை உணவு குழுவினருடன். உங்கள் வருகைக்காக ஆவலுடன் காத்திருக்கிறோம்.' ஆவலுடன்னு போட்டிருக்கான் பாருங்க!"

"எந்த நாற்காலியாம்?" என்றார் சாவிக்காரர்.

"அது போடல. நல்லதாத்தான் இருக்கும்."

சாவிக்காரர் ஸ்டோரில் உட்காருவது முதுகு இல்லாத ஸ்டூல். ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறார். நாற்காலி கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. 'எழுதிக் கொடுங்க, பாக்கலாம்' என்றார்கள். எழுதிக் கொடுத்தார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"மாமா, நீங்க சேர்ந்தப்போ இப்படி ஏதும் வந்துச்சா?" என்று சகலையின் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எனக்கா? வாசல்ல நின்னேன். ஏதோ விக்க வந்தவன்னு செக்யூரிட்டி விரட்டினான். மறுபடி வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கூட வந்திருந்த அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். சாவிக்காரர் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த ஒன்பதரை அவர் மண்டையில் தட்டியது. ஒன்பதரையா? முன்வாசலா? காலைச் சாப்பாடா?

குடோனுக்குள் கால் வைக்கிற எவனுக்கும் அப்படி இல்லை. பால் பவுடர் இருக்கிற இடம். குழந்தைக்குப் போகிற சாமான். முதல் நாள் காலை ஏழு மணிக்குப் பின்பக்கம் மூன்றாம் கேட்டுக்கு வரணும். வெறும் வயிறு. லேபிலிருந்து ஒருத்தர் வந்து ரத்தம் எடுப்பார். ஏழே முக்காலுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். எட்டு மணிக்குச் சுத்தம், பாதுகாப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு. அது வாரத்துக்கு ஒருநாள், திங்கட்கிழமை மட்டும். கதவைச் சாத்திவிட்டால் திறக்க மாட்டார்கள். ரத்தமும் வகுப்பும் முடிந்தால்தான் கழுத்தில் தொங்குகிற பாஸ். பாஸ் இல்லாமல் மேனேஜரின் அப்பனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஒன்பதரைக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, முன்வாசலில் போய் நின்றால்? அன்றைக்குச் சேர முடியாது. அடுத்த திங்கள்தான். மேனேஜரோ குடோனில் மாசக் கணக்கெடுப்பு தலைக்கு மேல் நிற்கிறது, ஒன்றாம் தேதி சேராவிட்டால் ஆர்டர் செல்லாது என்று வேலைக் கடிதத்திலேயே போட்டிருக்கிறார். அதையும் சகலை பெருமையாகப் படித்துக் காட்டினார்.

சாவிக்காரர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போன டீ அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது மனைவி கேட்டாள். "என்ன, உங்க முகம் திடீர்னு வெளிச்சமாயிடுச்சு?"

"டீ நல்லா இருந்துச்சு."

"அது தண்ணியா இருந்துச்சு. நான் குடிச்சேன்ல."

மறுநாள் சனிக்கிழமை. ஒரு மணி வரைதான் வேலை. காலையில் சாவிக்காரர் ஸ்டோரைத் திறந்ததும் ஒரு சீட்டு காத்திருந்தது. வாராவாரம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வருகிற சீட்டு. திங்கட்கிழமை வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன கொடுக்கணும் என்று இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்கு பேர். நாலாவது குடோன் சூப்பர்வைசர். கோட்டு பெரிய அளவு, லாக்கர் நாற்பத்தொன்று, நேரம் காலை ஏழு.

அப்படியானால் இந்தப் பக்கம் ஏழு என்று இருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்பதரை என்று போயிருக்கிறது. சேருகிறவர்கள் லிஸ்டை ஆபீஸ் கொடுக்கும், பாதுகாப்புப் பிரிவு வகுப்பில் இடம் போடும். நேரத்தை ஆபீஸ் சொல்லியிருக்கும் என்று இவர்கள் நினைப்பார்கள். நேரத்தை நாங்கள் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் நினைப்பார்கள். இரண்டு காகிதத்தையும் பார்த்த ஆள் தொழிற்சாலையில் ஒரே ஒருத்தர். அவர் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

சும்மா இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டாம், கெடுதல் பண்ண வேண்டாம். சும்மா இருக்கிறதுக்கு எந்தக் கோர்ட்டிலும் தண்டனை இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிடுவார். 'பெரியவரே, அவர் வரல' என்பார்.

அரைமணி நேரம் இந்த நினைப்பு இனித்தது. பிறகு அதில் ஒரு கல் கடிபட்டது.

குடோன் சூப்பர்வைசர் ஆனால் என்ன சொல்வார்கள்? 'அவர் வராததால இவரைப் போட்டோம்' என்பார்கள். சகலை கடித்து வைத்த மிச்சம். வீட்டில்? 'நீங்க அங்கதானே இருக்கீங்க மாமா, உங்களுக்குத் தெரியாதா?' என்று கொழுந்தியாள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பார்த்த முகத்தை நினைத்துப் பார்ப்பாள். அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். அது போதும், மீதி ஆயுளுக்குத் தண்ணீர்க் குழம்புதான்.

அவன்மேல் இரக்கம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. எதற்கு இரக்கம்? இரண்டு மோதிரம் போட்டுக்கொண்டு திரிகிறவன்.

டீ நேரத்தில் சாவிக்காரர் சகலைக்குப் போன் போட்டார்.

"கேளு. திங்கக்கிழமை ஏழு மணிக்கு வா. ஒன்பதரை இல்ல. முன்வாசலுக்குப் போகாதே, பின்பக்கம் மூணாம் கேட்டுக்கு வா. ஒண்ணும் சாப்பிடாதே, டீகூட வேணாம். தாடியை எடுத்துடு. மோதிரம், வாட்சு போடாதே. செண்ட் அடிச்சுக்காதே. அப்புறம் பழைய கால்சட்டையா போட்டுட்டு வா, தரையில உக்காந்து நெருப்பணைக்கிற மருந்து அடிச்சுப் பழக்குவாங்க."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினது கேட்டது.

"சகலை" என்றார் சகலை மெதுவாக. "நீங்களும் இதுக்கு மனு போட்டீங்கதானே?"

"போட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எட்டு மாசம் கழிச்சு ஒரு வேலை. கம்பெனியில கவுரவமா எழுதியிருக்கான், ஒன்பதரை மணி, முன்வாசல், சாப்பாடு போடறேன், வான்னு. நீங்க என்னடான்னா பட்டினி கிட, மொட்டை முகத்தோட வா, பழைய துணி போட்டுட்டு கொல்லைப்புறமா நுழைங்கறீங்க. ஏழு மணிக்கு எவன் இருப்பான் அங்க? நாயும் நானும் நிக்கணுமா? யாராவது பாத்தா இதுவா சூப்பர்வைசர்னு சிரிக்கணும், அதானே?"

"நான் ஏன்யா பொய் சொல்லப் போறேன்?"

"நேத்து மூணு தடவை படிச்சேனே, அப்ப ஏன் சொல்லல?"

சாவிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரிடம் சாவியைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தனையும் அவர் நம்பியதில்லை. உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"வயித்தெரிச்சலை வேற யார்கிட்டயாவது காட்டுங்க. நான் ஒன்பதரைக்குத்தான் வருவேன். செண்ட்டும் அடிச்சுட்டுத்தான் வருவேன்." போன் வைக்கப்பட்டது.

போய்த் தொலை என்று சாவிக்காரர் சொல்லிக்கொண்டார். சொல்லியாகிவிட்டது. இனி யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷூக்களை எண்ணினார். இரண்டாவது முறை எண்ணும்போது கணக்கு வேறாக வந்தது. வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டானே! இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அதற்காக ஏழு மணி ஒன்பதரை ஆகிவிடுமா?

பன்னிரண்டேகாலுக்கு ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

ஆபீஸில் ஆள் எடுப்பது, சேர்ப்பது எல்லாம் பார்க்கிற பொண்ணு பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்றாள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

"என்ன ஐயா, நாற்காலி விஷயமா? அது இன்னும்..."

"நாற்காலி கிடக்கட்டும். குடோன் சூப்பர்வைசருக்கு நீதானே எழுதினே, வருக வருகன்னு?"

"ஆமா. நல்லா இருந்துச்சா? அவர் கட்டைவிரல்லாம் அனுப்பினாரே."

"அவன் அனுப்புவான். ஒன்பதரைன்னு ஏன் போட்டே?"

"ஸ்டாஃப் எல்லாருக்கும் ஒன்பதரைதான் ஐயா. சூப்பர்வைசர் ஸ்டாஃப் கணக்குல வர்றார். அதனால ஸ்டாஃப் செய்தியை எடுத்துப் பேரை மட்டும் மாத்தி அனுப்பினேன்."

"சம்பளப் பட்டியல்ல அவன் ஸ்டாஃப். காலு எங்க வைக்கப் போறான்? ஆபீஸ்லயா, குடோன்லயா?"

பையிலிருந்து சீட்டை எடுத்து அவள் மேஜையில் வைத்தார். அவள் பார்த்தாள். நாலாவது பேர், காலை ஏழு. அவள் தோளிலிருந்து பை நழுவியது.

"ஐயோ. அப்ப ரத்தம் எடுக்கறது, வகுப்பு..."

"எல்லாம் போச்சு. காலைச் சாப்பாடு வேற போட்டு அனுப்பறே."

"எனக்குத் தெரியவே இல்ல ஐயா. நான் வந்தப்புறம் குடோனுக்கு சூப்பர்வைசர் யாரும் சேரவே இல்லையே. கூலிக்கு வர்றவங்களுக்கு காண்ட்ராக்ட்காரரே சொல்லிடுவார்." அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திரும்பத் தட்டி எழுப்பினாள். "அவர் உங்க சொந்தக்காரர்தானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதுமே."

"சொன்னேன். நம்பல."

"ஏன்?"

"நான் சொன்னேன், அதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. புத்தி இருந்தது. "சரி, திருத்தின செய்தி ஒண்ணு இப்பவே அனுப்பிடறேன். முதல்ல அனுப்பின நேரம் தப்புன்னு மேலயே போட்டுடறேன், இல்லேன்னா எது சரின்னு குழம்புவார். என்னென்ன எழுதணும்? நீங்க சொல்லுங்க, நீங்கதானே வாராவாரம் பாக்கறீங்க."

சாவிக்காரர் நின்றபடியே சொன்னார். அவர் ஒரு வரி சொல்வார், அவள் தட்டிவிட்டு வேறு வரியாகப் படித்துக் காட்டுவாள்.

"சாப்பிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவோம்னு போடு."

"'ரத்தப் பரிசோதனை இருப்பதால் முந்தின இரவு உணவுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் அருந்தி வரவும். பரிசோதனை முடிந்ததும் கேண்டீனில் காலை உணவு தயாராக இருக்கும்.' சரியா?"

"சுத்தி வளைக்கிறே. சரி. செண்ட் அடிச்சா பவுடர்ல வாடை ஏறும். தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது. மோதிரம் கழண்டு டப்பாவுல விழுந்தா யாரு தேடறது?"

"மீசை?"

"மீசை இருக்கட்டும், மாஸ்குக்குள்ள அடங்கினா. அதை எடுக்கச் சொன்னா அவன் வேலையே வேணாம்பான்."

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். "மூணாம் கேட்டுக்கு எப்படி வர்றது?"

"போர்டு கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி, சுவர் ஓரமாவே நடந்தா நீலத் தண்ணி டேங்க் வரும். அதுக்கு எதிர்ல. செக்யூரிட்டிகிட்ட வகுப்புக்கு வந்திருக்கேன்னு சொல்லணும், சூப்பர்வைசர்னு சொன்னா முன்வாசலுக்கு அனுப்பிடுவான். ஷூ அளவு கேளு, சீட்டுல போடல. புது ஷூ, அரை அளவு பெருசா வாங்கிக்கலாம்னு சொல்லு. முதல் நாள் பூரா நிக்கணும், காலு வீங்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் எனக்கு யாரும் சொன்னதே இல்ல."

"எனக்கும்தான்."

"கடைசியா ஒண்ணு. ஏழு மணிக்கு அவரை யார் சந்திப்பாங்கன்னு போடணும். பேர், போன் நம்பர். அந்நேரத்துக்கு அங்க யாரு இருப்பா?"

சாவிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஏழு மணிக்கு அங்கே இருக்கிற ஆள் ஒருத்தர்தான்.

"போட்டுக்கோ" என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்த மாதிரி.

"'மூன்றாம் கேட்டில் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர் உங்களை வரவேற்பார்.'"

"வரவேற்பாரா? நிப்பார்னு போடு."

"அப்படி எழுத முடியாது ஐயா."

"அப்ப என் நம்பர் வேணாம். என் பேரும் வேணாம். ஸ்டோர் பொறுப்பாளர், அதோட விடு. நான் சொல்லித்தான் எழுதினேன்னு எங்கயும் வரக்கூடாது. வந்தா ஏழு மணியும் பொய்யாயிடும்."

பத்து நிமிஷத்தில் செய்தி போய்விட்டது. போனதோடு விடாமல் அவள் சகலைக்குப் போனும் போட்டாள். "சார், முதல்ல போன நேரம் எங்க தப்பு, மன்னிக்கணும். கிடைச்சுதா? திங்கட்கிழமை ஏழு மணி, மூணாம் கேட், சரியா? ஷூ அளவு என்ன சார்? எட்டா?" அந்தப் பக்கம் சகலை குழைகிற குழைவு மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. தாராளமா மேடம், கண்டிப்பா மேடம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய்தான் நாயும் நானும் நிக்கணுமா என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலையும் கொழுந்தியாளும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தாடி இல்லை. தாடி இல்லாத சகலைக்கு முகவாய் இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கம்பெனியிலேருந்து ரெண்டாவது செய்தி" என்று போனை நீட்டினார். "படிங்க. இல்ல, நானே படிக்கிறேன்."

படித்தார். ஒரு வார்த்தை விடாமல். நீலத் தண்ணி டேங்க், வகுப்புக்கு வந்திருக்கேன், மீசை, அரை அளவு பெரிய ஷூ. ஒவ்வொன்றுக்கும் கொழுந்தியாள் உச்சுக் கொட்டினாள். "காலு வீங்கும்னுகூட யோசிச்சிருக்காங்க பாருக்கா! பெத்தவங்க எழுதற மாதிரி எழுதியிருக்கா அந்தப் பொண்ணு."

"எழுதத் தெரியணும்ல" என்றார் சகலை. "நேத்து சகலையும் ஏதோ சொன்னார். ஏழு மணின்னார், ஒத்துக்கறேன். ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கு. இவர் சொன்னப்போ துரத்தி விடற மாதிரி இருந்துச்சு. இதைப் படிச்சா இப்பவே கிளம்பிப் போகலாம் போல இருக்கு."

சாவிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பொறாமை உலகத்தில் எவனுக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. தன் வாயில் வந்த சொல், இன்னொருத்தி கையில் குளித்து முழுகிப் புதுத்துணி உடுத்திக்கொண்டு, சகலை மடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து இவருக்கே வயிறு எரிகிறது. அந்தச் சொல்லை யாரும் இவரிடம் சொன்னதில்லை. இவரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொன்னது, போயும் போயும் இவனுக்கு.

அவர்கள் போனபிறகு மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொண்ணு ஆபீஸ் மாடியிலதானே உக்காந்திருக்கு? பின்பக்கத் தண்ணி டேங்க் நீலமா, பச்சையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுத் தெரிஞ்சிருக்கும்."

"யார்கிட்ட?"

"கண்ணு இருக்கிறவன்கிட்ட. தண்ணி கொண்டா."

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்குப் பிடித்த மாதிரி சாயங்காலம் முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுத்தாள். அதையும் அவர் சந்தேகத்தோடுதான் தின்றார்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு மூன்றாம் கேட்டில் சகலை வந்து நின்றார். மோதிரம் இருந்த விரலில் இரண்டு வெள்ளை வளையம். செண்ட் வாடை இல்லை, சோப்பு வாடை மட்டும். கையில் சான்றிதழ் உறை. பயந்த மாதிரி இருந்தார்.

"வகுப்புக்கு வந்திருக்கேன்" என்று சாவிக்காரரைப் பார்த்தே சொன்னார்.

"தெரியுது."

"வரவேற்பார்னு போட்டிருந்துச்சே. ஸ்டோர் பொறுப்பாளர்னா நீங்கதானா?"

"நான்தான். வா."

"இதான் வரவேற்பா?"

"வான்னேனே. வேற என்ன, ஆரத்தியா எடுப்பாங்க? ஏழே முக்காலுக்கு லேப்காரர் கிளம்பிடுவார், நட."

ரத்தம் எடுத்தார்கள். கேண்டீனில் ரொட்டி கொடுத்தார்கள். எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் சகலை வகுப்புக்குள் நுழைந்தார். எட்டேகாலுக்கு வந்து சேர்ந்த இன்னொரு ஆளை, பாக்கெட் பிரிவுக்குச் சேர வந்தவன், வாசலிலேயே நிறுத்தி அடுத்த வாரம் வா என்று அனுப்பினார்கள். அவனுக்கு அவன் காண்ட்ராக்ட்காரர் எட்டரை என்று சொல்லியிருந்தாராம். சாவிக்காரர் அவன் போகிறதைப் பார்த்தார். அந்த இடத்தில் சகலையை நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சாவிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

பதினோரு மணி சுமாருக்கு ஆபீஸ் பொண்ணும் சகலையும் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்கள். சகலை கழுத்தில் பாஸ் தொங்கியது. ஷூ எட்டரை. கச்சிதம். நாற்பத்தொன்றாம் லாக்கர் சாவியைச் சாவிக்காரர் நோட்டின்மேல் வைத்துத் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு. தொலைச்சா மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுக்கணும்."

சகலை கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, குனிந்த வாக்கில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சகலை, வருத்தப்படாதீங்க. முதல் செய்தி தப்பாப் போனதுல உங்க கை ஏதும் இல்லையே?"

பொண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "சார், என்ன பேசறீங்க? ரெண்டாவது செய்தியே இவர்தான்..."

"அம்மா" என்று சாவிக்காரர் வெட்டினார். "இவருக்குக் கேபின் காட்டணும்ல. கூட்டிட்டுப் போ. மேனேஜர் காத்திருப்பார்."

சகலை போனார். பொண்ணு போகவில்லை. "ஏன் ஐயா சொல்ல விடல? நீங்க இல்லேன்னா அவருக்கு வேலையே போயிருக்கும்."

"சொன்னா என்ன சொல்வான் தெரியுமா? முதல்ல தப்பா அனுப்ப வச்சுட்டு, அப்புறம் நல்லவன் மாதிரி திருத்த வச்சான்பான். நான் அவன் இடத்துல இருந்தா அதைத்தான் சொல்வேன்."

"இல்ல, புரிஞ்சுக்குவார்."

"நீ சின்னப் பொண்ணு."

"சரி, அது கிடக்கட்டும். குடோனுக்கு வர்றவங்க எல்லாருக்கும் இனி அந்தச் செய்தியையே அனுப்பப் போறேன். கூலிக்கு வர்றவங்களுக்கும். இன்னைக்கு ஒருத்தர் திரும்பிப் போனாராமே. அடுத்த வாரம் ரெண்டு பேர் வர்றாங்க. ஏதாவது விட்டுப்போச்சான்னு ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" ஒரு தாளை நீட்டினாள். நல்ல வெள்ளைத் தாள். மேலே 'வரவேற்கிறோம்' என்று பெரிசாக இருந்தது.

சாவிக்காரர் தாளை வாங்கினார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் பாதி படித்தார். 'மகிழ்ச்சியுடன்' என்கிற இடம் வந்ததும் நின்றார்.

"இது யாருக்கு மகிழ்ச்சி?"

"நமக்குத்தான் ஐயா. கம்பெனிக்கு."

"எனக்கு இல்ல" என்றார். தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நேரத்தைச் சரியாப் போடு, அது போதும். வர்றவன் வருவான். எழுதறதால எவனும் நல்லவனாயிடப் போறதில்ல."

"நீங்க எழுதினதுதானே ஐயா இது?"

"அதான் சொல்றேன்" என்று சொல்லி, ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகு கேண்டீன் பக்கம் நடந்தார், அவள் பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல்.